சம்பளப் பட்டியலில் ஓட்டை: பைனான்ஸ் ஹெட்டுக்கு மேனேஜ்மென்ட் லெட்டர் எழுதுவது எப்படி

ஆடிட் முடியப் போகிற வாரத்தில்தான் பெரும்பாலும் இந்த வேலை ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருப்பவர்கள் தலையில் வந்து விழும். "சம்பளத்துல பார்த்ததை எல்லாம் சேர்த்து ஒரு மேனேஜ்மென்ட் லெட்டரா எழுதிக் கொண்டா" என்று சீனியர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். முதல் தடவை நான் எட்டுப் பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். அதில் ஏழு பக்கத்தைக் குறுக்காக அடித்துவிட்டு, மிச்சம் இருந்த ஒரு பக்கத்தையும் திருப்பி எழுதச் சொன்னார்கள். அந்த ஏழு பக்கமும் ஏன் போனது என்று புரிய எனக்கு ரெண்டு வருசம் ஆனது. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இது.

எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கம்பெனி, ஒரே ஒரு குறை, அதை எப்படி ஒரு பக்கக் கடிதமாக்குவது என்று மட்டும் பார்க்கலாம். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. பெயர் வேண்டாம், எண்களையும் மாற்றித்தான் தருகிறேன். 612 தொழிலாளர்கள், வாரச் சம்பளம், சனிக்கிழமை மாலை வங்கிக் கணக்கில் ஏறிவிடும். ஊர்க்காரர்கள் பாதி, ஒடிசா, பீகாரில் இருந்து வந்தவர்கள் பாதி. வருசச் சம்பளம் சுமார் 11 கோடி. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வேலையை வெளியே ஒரு கன்சல்டன்ட் பார்க்கிறார். சம்பளப் பட்டியல் போடுவது கம்பெனிக்குள் ஒரே ஒரு கிளார்க். நல்ல வேலைக்காரர், பன்னிரண்டு வருசமாக அங்கேயே இருக்கிறார், லீவே போடமாட்டார். லீவே போடாத சம்பளக் கிளார்க் என்று கேட்டதும் உங்களுக்குள் ஏதாவது மணி அடித்தால், சரியான தொழிலுக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

எழுதுவதற்கு முன்னால்: கையில் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

கடிதம் மோசமாகப் போவது பெரும்பாலும் மொழியால் இல்லை, கையில் இருப்பதைவிட அதிகமாகச் சொல்லிவிடுவதால்தான். ஆகவே முதலில் எதைப் பார்த்தோம், எவ்வளவு பார்த்தோம், என்ன கிடைத்தது என்று ஒரு தாளில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பெனியில் நாங்கள் செய்தது மூன்று வேலை. ஒன்று, சம்பளச் சாப்ட்வேரில் இருந்து 612 பேருடைய மாஸ்டரையும் எடுத்து, ஒரே வங்கிக் கணக்கு எண் ரெண்டு பெயருக்கு இருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டு, ஆகஸ்ட், டிசம்பர், பிப்ரவரி மாதங்களில் மாதத்துக்கு ஒரே ஒரு வாரம் எடுத்து, சம்பளப் பட்டியலில் உள்ள வருகையையும் கைரேகை மெஷினின் பஞ்சிங் பதிவையும் ஒப்பிட்டோம். மூன்று, கன்சல்டன்ட் பி.எஃப். தளத்தில் வேலையை விட்டதாகத் தேதி போட்டிருந்த ஆட்களுக்கு, அந்தத் தேதிக்குப் பிறகும் சம்பளம் போயிருக்கிறதா என்று பார்த்தோம்.

முதல் வேலையில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்து எழுந்த பள்ளம். கணக்கு எண்களை எக்செலில் சும்மா ஒட்டினால் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவை கெட்டுவிடும், பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். அதனால் அந்தப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்டாக மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டிய பிறகும் COUNTIF போட்டு எண்ணினால், அது டெக்ஸ்டையும் எண்ணாக நினைத்து ஒப்பிடும். முதல் 15 இலக்கம் ஒன்றாக இருக்கிற ரெண்டு வேறு கணக்குகளை ஒன்றே என்று சொல்லிவிடும். ஒரே கிளையில் ஒரே நாளில் வரிசையாகக் கணக்குத் திறந்த தொழிலாளர்களுக்குக் கடைசி இலக்கம் மட்டும்தான் மாறும், ஆக நாற்பது பேர் "போலி" என்று வந்து நிற்பார்கள். இதைப் போட்டால் அந்தச் சிக்கல் வராது:

```
=SUMPRODUCT(--($D$2:$D$613=D2))
```

1-க்கு மேல் வந்தால் அந்தக் கணக்கு வேறு பெயரிலும் இருக்கிறது. எங்களுக்கு 9 கணக்குகள் அப்படி வந்தன, 19 பெயர்கள். உடனே குதிக்கக் கூடாது. ஆறு கணக்கு, ஒரே கம்பெனியில் வேலை செய்கிற புருசன் பொண்டாட்டி. திருப்பூரில் இது சாதாரணம், ரெண்டு பேரும் நேரில் வந்து சொன்னார்கள். ரெண்டு கணக்கு, அண்ணன் கணக்கில் தம்பி சம்பளத்தைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தது. தனித்தனிக் கணக்கு வேண்டும் என்று அங்கேயே வாய்மொழியாகச் சொல்லிவிட்டோம். மிச்சம் ஒரு கணக்கில் மூன்று பெயர். ஒருவர் லைனில் வேலை செய்கிறார். மற்ற ரெண்டு பேரும் ஓவர்லாக் டெய்லர்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை என்று பக்கத்து மெஷின்காரர்கள் சொல்கிறார்கள்.

இரண்டாவது வேலையில் அது உறுதியானது. ஆகஸ்ட் வாரத்தில் அந்த ரெண்டு பேருக்கும் கைரேகைப் பதிவு ஒழுங்காக இருக்கிறது. டிசம்பரிலும் பிப்ரவரியிலும் ஒரு பஞ்ச் கூட இல்லை, ஆனால் ஆறு நாளும் வந்ததாகச் சம்பளம். எப்படி என்றால், சாப்ட்வேரில் 'கைப்பதிவு' என்று ஒரு வழி இருக்கிறது. அது தேவையான வழிதான். துணியைப் பிடித்துப் பிடித்து விரல் ரேகை தேய்ந்தவர்களை மெஷின் எடுத்துக்கொள்ளாது, லைன் சூப்பர்வைசர் சீட்டு எழுதிக் கொடுப்பார், கிளார்க் அதைப் பார்த்துப் பதிவு செய்வார். மூன்று வாரத்திலும் சேர்த்து 214 கைப்பதிவுகள் இருந்தன, சீட்டு இருந்தது 61-க்கு மட்டும். சீட்டில்லாத 153-இல் 24 இந்த ரெண்டு பெயருக்கு. அதைப் பார்த்த பிறகு அவர்கள் இருவருக்கு மட்டும் வருசம் முழுவதும் பார்த்தோம்: நவம்பர் தொடங்கி மார்ச் கடைசி வரை 21 வாரம், வாரத்துக்கு 3,600 வீதம் இருவருக்கும் 1,51,200 ரூபாய்.

மூன்றாவதில் 11 பேர் சிக்கினார்கள், அதில் 4 பேருக்குப் போனது பாக்கிச் சம்பளமும் கணக்குத் தீர்த்த பணமும்தான், இன்னும் 2 பேர் விட்டுப்போய் மறுபடி சேர்ந்தவர்கள் என்று பின்னால் தெரிந்தது. மீதி 5 பேருக்கு, விட்டுப் போன தேதிக்கு அப்புறமும் மொத்தம் 14 வாரச் சம்பளம், 48,300 ரூபாய். எல்லாம் சேர்த்து 1,99,500.

பி.எஃப். பற்றி ஒரு வார்த்தை. அந்த ரெண்டு டெய்லர்கள் பெயரும் நவம்பர் முதல், மாதாமாதம் கன்சல்டன்ட் பி.எஃப். தளத்தில் ஏற்றுகிற ஈ.சி.ஆர். பட்டியலில் இல்லை, சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ரெண்டையும் போடுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், நடுவில் யாரும் ஒப்பிடவில்லை. சம்பளப் பட்டியலில் தலை எத்தனை, ஈ.சி.ஆரில் தலை எத்தனை, வித்தியாசம் ஏன் என்று மாதத்துக்கு ஒரு தடவை யாராவது கேட்டிருந்தால் டிசம்பர் 15-க்குள், அதாவது நவம்பர் மாதப் பணம் கட்டும் கெடுவுக்குள், வெளியே வந்திருக்கும்.

எழுதுவதற்கு முன்னால் இன்னொன்று: பார்ட்னருக்குப் போன்

இது வரிசையில் முக்கியம், ஆர்வத்தில் தாண்டிவிடாதீர்கள். வராத ஆளுக்குச் சம்பளம், அது வேறொருவர் கணக்கில் ஏறுகிறது என்றால், அது வெறும் கட்டுப்பாட்டுக் குறையா, மோசடியா என்ற கேள்வி வந்துவிட்டது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 143(12) பிரிவு, கம்பெனியின் அலுவலர்களோ ஊழியர்களோ மோசடி செய்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் ஆடிட்டர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தொகை 1 கோடி அல்லது அதற்கு மேல் என்றால் மத்திய அரசு வரை போகும். அதற்குக் கீழே என்றால் இயக்குநர் குழுவுக்கோ ஆடிட் கமிட்டிக்கோ, தெரிய வந்த ரெண்டு நாளுக்குள். ரெண்டு நாள் என்பது நீங்கள் லெட்டரை அழகுபடுத்திக்கொண்டிருக்கும்போதே ஓடிவிடும்.

எப்போது 'தெரிய வந்தது' என்று முடிவு செய்வது பார்ட்னர் வேலை, உங்கள் வேலை அன்று சாயங்காலமே அவரிடம் தாளோடு போய் நிற்பது. எங்கள் விசயத்தில் அவர் எம்.டி.யை நேரில் பார்த்துப் பேசி, இயக்குநர் குழுவுக்குத் தனிக் கடிதம் கொடுத்தார். மேனேஜ்மென்ட் லெட்டர் அதற்கு மாற்று ஆகாது, அது தனி வண்டி, இது தனி வண்டி.

அப்புறம், பைனான்ஸ் ஹெட்டே இதில் சம்பந்தப்பட்டிருப்பாரோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் டிராப்டை அவருக்கு அனுப்பக் கூடாது. உள்கட்டுப்பாட்டுக் குறைகளைத் தெரிவிப்பது பற்றிய தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 265, பெரிய குறைகளை நிர்வாகத்துக்கும் எழுத்தில் சொல்லச் சொல்கிறது, நேரடியாகச் சொல்வது பொருத்தமில்லாத சூழல் என்றால் வேண்டாம் என்றும் சொல்கிறது. எங்களுக்கு அப்படி இல்லை. அவருடைய தப்பு வேறு மாதிரி, அதுதான் எழுதுவதற்குச் சங்கடமான தப்பு.

காரணத்தைப் பிடிக்காமல் எழுதாதீர்கள்

முதல் டிராப்டில் நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? "வேலையை விட்ட தொழிலாளர்களின் பெயர்கள் உரிய நேரத்தில் நீக்கப்படவில்லை. உரிய நேரத்தில் நீக்கும்படி பரிந்துரைக்கிறோம்." இதில் ஒன்றுமே இல்லை. நோயையே மருந்தாக எழுதிய கதை.

ஏன் நீக்கப்படவில்லை என்று ரெண்டு தடவை கேட்டால்தான் காரணம் வரும். அந்தக் கம்பெனியில் ஆள் சேர்ப்பது, நீக்குவது, கணக்கு எண் மாற்றுவது, கைப்பதிவு போடுவது, பட்டியல் போடுவது, வங்கிக்கு பைல் ஏற்றுவது எல்லாமே அந்த ஒரு கிளார்க். சரி, வங்கித் தளத்தில் பட்டியலை ஏற்றுகிற மேக்கர் ஒருத்தர், ஒப்புதல் கொடுக்கிற செக்கர் ஒருத்தர் என்று இருக்க வேண்டுமே? இருந்தது. செக்கர், பைனான்ஸ் ஹெட். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் அவர் வங்கிக்கோ கோயம்புத்தூருக்கோ போயிருப்பார், பணம் ஐந்து மணிக்குள் ஏறாவிட்டால் லைனில் சத்தம் வந்துவிடும். அதனால் ஓ.டி.பி. வருகிற போனையும் பாஸ்வேர்டையும் கிளார்க்கிடமே கொடுத்து வைத்திருந்தார். ரெண்டு பூட்டு, ரெண்டு சாவியும் ஒருத்தர் இடுப்பில்.

சாப்ட்வேரில் யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவு கூட ஓடிக்கொண்டுதான் இருந்தது. கணக்குப் புத்தகம் வைக்கிற சாப்ட்வேரில் இந்தப் பதிவு இருக்க வேண்டும் என்பது 1-4-2023 முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். எடுத்துப் பார்த்தால் எல்லா வரியிலும் 'admin'. எச்.ஆரில் மூன்று பேர், கிளார்க், எல்லோரும் ஒரே பெயரில் நுழைகிறார்கள். பதிவு இருக்கிறது, பதில் இல்லை.

இப்போது காரணம் ஒரு வரியில் வந்துவிட்டது: மாற்றுகிறவரும் பணம் அனுப்புகிறவரும் ஒரே ஆள், வேறு யாரும் பார்க்கவில்லை. ஏழு குறையாக எழுதியிருந்தேன் இல்லையா, கைப்பதிவுச் சீட்டு ஒன்று, ஈ.சி.ஆர். ஒப்பீடு ஒன்று, admin ஒன்று என்று? எல்லாம் இந்த ஒன்றுக்குள் அடங்கும். எட்டுப் பக்கம் ஒரு பக்கமானது அப்படித்தான்.

பெரிய குறையா, சின்னக் குறையா

"பதினோரு கோடியில ரெண்டு லட்சமுங்க தம்பி, இதுக்குப் போய் போர்டுக்குக் கடுதாசியா?" என்று பைனான்ஸ் ஹெட் கேட்பார், கேட்டார். கணக்குப்படி 0.2 சதவீதம் கூட வராதுதான். ஆனால் எஸ்.ஏ. 265-இன் பார்வையில் எவ்வளவு போனது என்பது மட்டும் கேள்வி கிடையாது. இந்த ஓட்டை வழியாக எவ்வளவு போயிருக்க முடியும், போக எவ்வளவு வாய்ப்பு என்பதும் சேர்ந்தது. ஒரு ஆள் நினைத்தால் எந்த வாரமும் எத்தனை பெயரையும் சேர்த்துப் பணம் அனுப்பலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் என்றால் அது பெரிய குறைதான். பெரிய குறை என்று முடிவானால், நிர்வாகத்தை மேற்பார்வை செய்கிறவர்களுக்கு, இங்கே இயக்குநர்களுக்கு, எழுத்திலேயே போக வேண்டும். பைனான்ஸ் ஹெட் மேசையோடு நின்றால் போதாது.

நம் பக்கம் அண்ணனும் தம்பியும் இயக்குநர்கள், மருமகன் பைனான்ஸ் பார்க்கிறார் என்று இருக்கிற கம்பெனிகள் அதிகம். "எல்லாம் ஒரே வீடுதானுங்க, அவருக்குச் சொன்னா போதும்" என்பார்கள். நிர்வாகத்தில் இருப்பவர்களும் இயக்குநர் குழுவும் முழுக்க அதே ஆட்கள் என்றால் ஒரு கடிதமே போதும். அண்ணன் கோயம்புத்தூரில் வேறு தொழில் பார்த்துக்கொண்டு இங்கே பெயருக்கு இயக்குநராக இருக்கிறார் என்றால் அவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

குறையை எழுதும் விதம்

கடிதம் கடைசியில் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனாலும் குறையை முதலில் தமிழில், கிளார்க்குக்கே படித்துக் காட்டுகிற மாதிரி எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் நேராக எழுதினால் பழைய பைலில் இருக்கிற வார்த்தைகள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்குள் என்ன நடந்தது என்பது மறைந்துபோகும். எங்கள் கடிதத்தின் அந்தப் பத்தி தமிழில் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

> தொழிலாளர் விவரங்களைச் சேர்ப்பது, மாற்றுவது, நீக்குவது, கைப்பதிவு வருகையைப் பதிவது, வாரச் சம்பளப் பட்டியல் தயாரிப்பது, வங்கிக்குப் பட்டியலை ஏற்றுவது ஆகிய எல்லாம் சம்பளப் பிரிவில் ஒரே ஊழியரால் செய்யப்படுகின்றன. வங்கித் தளத்தில் இரண்டாவது ஒப்புதலுக்கான பாஸ்வேர்டும் ஓ.டி.பி. பெறும் போனும் அதே ஊழியரிடம் இருந்தன. அவர் செய்த மாற்றங்களை வேறொருவர் பார்த்ததற்கான பதிவு எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.
>
> நாங்கள் பார்த்த மூன்று வாரங்களில் 214 கைப்பதிவுகளில் 153-க்குச் சூப்பர்வைசர் சீட்டு கிடைக்கவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை 21 வாரங்களுக்கு, கைரேகைப் பதிவு இல்லாத 2 பெயர்களுக்கு 1,51,200 ரூபாய், மூன்றாவது ஊழியர் ஒருவரின் பெயரிலும் உள்ள ஒரே வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டுள்ளது. பி.எஃப். பதிவில் வேலையை விட்டதாக உள்ள 5 பேருக்கு, அந்தத் தேதிக்குப் பின் 14 வாரச் சம்பளமாக 48,300 ரூபாய் செலுத்தப்பட்டுள்ளது.
>
> இந்த நிலையில், வேலைக்கு வராதவர்களுக்குச் சம்பளம் போனாலும் வழக்கமான வேலையின் போக்கில் அது தெரியவராது.

இதில் என்ன இல்லை என்று கவனியுங்கள். 'போலித் தொழிலாளர்' இல்லை, 'கையாடல்' இல்லை, கிளார்க்கின் பெயர் இல்லை. யார் எடுத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. கணக்கு யாருடையது, பஞ்ச் இருந்ததா இல்லையா என்று மட்டும்தான் தெரியும். அந்த மூன்றாவது ஊழியருக்கே தன் கணக்கில் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று நமக்குத் தெரியாத விளக்கம் இருக்கலாம். தெரிந்ததை மட்டும் எழுதினால் நாளைக்கு லேபர் கோர்ட்டில் யாராவது இந்தக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினாலும் பயமில்லை.

'நாங்கள் பார்த்த மூன்று வாரங்களில்' என்ற சொற்களை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். மூன்று வாரத்தில் 153 என்றால் 52 வாரத்தில் இத்தனை என்று பெருக்கிப் போடவும் வேண்டாம், அந்த வாரங்களை அப்படிப் பெருக்குகிற விதத்தில் நாம் தேர்ந்தெடுக்கவில்லை.

கடிதத்தின் மேல் பகுதியில் வழக்கமாக ஒரு பத்தி வரும்: தணிக்கையின் நோக்கம் நிதி அறிக்கைகள் மீது கருத்துச் சொல்வது, உள்கட்டுப்பாட்டின் திறன் மீது கருத்துச் சொல்வதல்ல, கண்ணில் பட்ட குறைகளை மட்டுமே சொல்கிறோம் என்று. பழைய பைலில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். விற்பனை 50 கோடிக்குக் கீழும் கடன் 25 கோடிக்குக் கீழும் உள்ள தனியார் கம்பெனி என்றால் பொதுவாக 143(3)(i)-இன் கீழ் உள் நிதிக் கட்டுப்பாடுகள் மீது தனிக் கருத்து தேவைப்படாது, அந்தப் பத்தி பொருந்தும். இந்தக் கம்பெனி அதைத் தாண்டியது, ஆகவே அந்தக் கருத்தைத் தணிக்கை அறிக்கையில் நாமே கொடுக்கிறோம். அந்தப் பத்தியை ஒட்டினால் அறிக்கையில் ஒன்றும் கடிதத்தில் வேறொன்றும் சொல்வது போல ஆகிவிடும். இந்த வரியை மாற்றச் சொல்லி சீனியரிடம் கேளுங்கள், இந்தக் குறையால் அந்தக் கருத்தே மாறுமா என்பதையும் அவர்தான் யோசிக்க வேண்டும்.

பரிந்துரை: சனிக்கிழமை மூன்று மணிக்குச் செய்ய முடிகிற மாதிரி

'பணிப் பிரிவினையை வலுப்படுத்தவும்' என்று எழுதினால் அவர் தலையாட்டிவிட்டு மூடி வைத்துவிடுவார். இன்னும் ரெண்டு ஆள் போடுங்கள் என்றால் சிரிப்பார். இருக்கிற ஆட்களை வைத்து, சம்பளம் போகிற அந்த அவசரத்துக்குள் என்ன முடியும் என்று பார்க்க வேண்டும்.

நாங்கள் கடைசியில் எழுதியது இவ்வளவுதான். மாஸ்டரில் ஆளைச் சேர்ப்பது, நீக்குவது, கணக்கு எண் மாற்றுவது எச்.ஆர்.; சம்பளக் கிளார்க்குக்கு அந்தத் திரை பார்க்க மட்டும். ஒவ்வொருவருக்கும் தனி நுழைவுப் பெயர், admin பூட்டி வைக்கப்படும். வங்கி ஒப்புதல் பைனான்ஸ் ஹெட்டிடமே இருக்கும், அவர் இல்லாத நாளுக்கு எழுத்தில் நியமித்த இன்னொருவர், அவர் சம்பளப் பிரிவாக இருக்கக் கூடாது.

ஒப்புதல் கொடுக்கிறவர் 612 வரியையும் பார்ப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம், பார்க்க மாட்டார். அவருக்கு ஒரே ஒரு பக்கம் வர வேண்டும். அதை எச்.ஆர். ஆட்கள் சாப்ட்வேரில் இருந்து நேராக எடுத்துத் தர வேண்டும், கிளார்க் தட்டச்சு செய்தது கூடாது. அதில் இந்த வாரம் சேர்ந்தவர்கள், விட்டவர்கள், கணக்கு எண் மாறியவர்கள், ஒரு பஞ்ச் கூட இல்லாமல் சம்பளம் வருகிறவர்கள், அப்புறம் போன வாரத் தொகையில் இருந்து இந்த வாரத் தொகை எப்படி வந்தது என்பது. சாதாரண வாரத்தில் அது முப்பது வரிக்கு மேல் போகாது, பத்து நிமிட வேலை. மாதம் ஒரு தடவை ஈ.சி.ஆர். தலையெண்ணிக்கையோடு ஒப்பீடு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல், மெர்ச்சண்டைசிங்கிலோ அக்கவுண்ட்ஸிலோ இருந்து ஒருவர் பட்டியலோடு லைனுக்குப் போய் ஆட்களை எண்ண வேண்டும்.

எச்.ஆரும் கிளார்க்கும் கூட்டுச் சேர்ந்தால் இது அத்தனையும் தோற்கும். அதை நேரில் பேசும்போது ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். லைனில் போய் எண்ணுவது ஒன்றுதான் அப்போதும் பிடிக்கும்.

டிராப்டோடு பைனான்ஸ் ஹெட் முன்னால் உட்காரும்போது

மெயிலில் அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். டிராப்டை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் படித்து முடிக்கிற வரை பேசாமல் இருங்கள். எங்கள் சீனியரோடு நான் போயிருந்தேன். பைனான்ஸ் ஹெட் இரண்டாவது வாக்கியத்தில் நின்றார். ஓ.டி.பி. போன் வாக்கியம்.

"ஏனுங்க, இப்படி எழுதிப் போட்டா மொதலாளி என்னைப் பத்தி என்ன நெனைப்பாரு? பன்னெண்டு வருசமா நம்பி உட்டதுங்க."

சீனியர் அந்த வாக்கியத்தை எடுக்கவில்லை. "அதை எடுத்தா காரணமே போயிடுமுங்க சார். ஆனா நீங்க போனை எப்ப திரும்ப வாங்கிட்டீங்கன்னு சொல்லுங்க, அதையும் எழுதிடறோம்" என்றார். அவர் அன்றைக்கே வாங்கிவிட்டார். மறுநாள் பாஸ்வேர்டை மாற்றிய தேதியையும் சேர்த்து, நிர்வாகத்தின் பதில் என்ற இடத்தில் முதல் வரியாகப் போட்டோம். உண்மையை எடுக்காமல், அவர் செய்ததையும் சேர்த்தோம், அவ்வளவுதான். டிராப்ட் காட்டுவதன் வேலையே இந்த ரெண்டு: எண் ஏதாவது தப்பா என்று அவரிடம் சரிபார்ப்பது, பதில் வாங்குவது. அந்த உட்காரலில்தான் நாங்கள் 7 பேர் என்று வைத்திருந்தது 5 ஆனது. ரெண்டு பேர் விட்டுப்போய் மறுபடி சேர்ந்தவர்கள், பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருந்தது, பஞ்சும் இருந்தது. அதைச் சரிபார்க்காமல் போர்டுக்கு அனுப்பியிருந்தால் மிச்சம் இருந்த சரியான எண்களையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பதில் வாங்கும்போது "கவனித்துக்கொள்ளப்படும்" என்று எழுதித் தருவார்கள். அதை வாங்காதீர்கள். யார் செய்வார்கள், எந்தத் தேதிக்குள் என்று ரெண்டும் வேண்டும். "எச்.ஆர். மேனேஜர், 30 ஜூனுக்குள் தனி நுழைவுப் பெயர்கள்" என்பது பதில். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதையும் அவர் வார்த்தையிலேயே போடுங்கள். எங்கள் கடிதத்தில், சொல்லாமல் போய் ஆள் எண்ணுவது லைன் வேலையைக் கெடுக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்று எழுதினார், அப்படியே போனது.

கையெழுத்தான பிரதி இயக்குநர்களுக்கும் பைனான்ஸ் ஹெட்டுக்கும் போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புதல் வாங்கி, மூன்று வாரத் தாள்கள், எக்செல், சந்திப்புக் குறிப்பு எல்லாவற்றோடும் பைலில் வையுங்கள். தணிக்கை அறிக்கைத் தேதியில் இருந்து 60 நாளுக்குள் பைல் கட்டி மூடப்பட வேண்டும். அடுத்த வருசம் அந்தக் கம்பெனிக்குப் போகிற புதுப் பையனோ பெண்ணோ முதலில் திறக்க வேண்டிய தாள் இதுதான். admin பெயரில் இன்னும் யாராவது நுழைகிறார்களா என்று பார்ப்பது அவர்களுடைய முதல் நாள் வேலை. நுழைகிறார்கள் என்றால், சொல்லியும் சரிசெய்யாமல் விட்டதே தனியாக ஒரு பெரிய குறையாக எழுத வேண்டியதாகிவிடும், அந்தக் கடிதம் இதைவிடச் சின்னதாக இருக்கும்.